ஓசிச் சவாரி: 'ஃப்ரீ ரைடர்' என்பவரைத் தமிழில் எப்படி அழைப்பது?

குழுவாகச் செய்யும் திட்டப்பணியில் கைகொடுக்காமல், மதிப்பெண்ணில் மட்டும் பங்கு வாங்கிக்கொள்பவரை 'ஃப்ரீ ரைடர்' என்கிறோம். டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போகிறவரைக் குறித்து 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வழங்கிய சொல் இது. பிறகு தொழிற்சங்கத்தாரின் பேச்சில் புகுந்தது. சந்தா கட்டமாட்டார், போராட்டத்துக்கு வரமாட்டார், சங்கம் வாங்கித் தந்த ஊதிய உயர்வு மட்டும் அவருக்கும் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பெயர். குழு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி நிற்பதே லாபமாகத் தெரியும் என்று பொருளியல் அறிஞர் மான்கர் ஓல்சன் 1965இல் வாதிட்டார். பொருளியலில் சொல் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

'இலவசப் பயணி' என்று நேராகப் பெயர்த்தால் பொருள் தப்பிவிடும். சலுகைச் சீட்டோடு முறையாகப் போகிறவரும் இலவசப் பயணிதான். அவர்மேல் குற்றம் ஏதுமில்லை. 'ஒட்டுண்ணி' திட்டுவதற்கு உதவும், விளக்குவதற்கு உதவாது. பேச்சில் 'ஓசிச் சவாரி' கச்சிதம். அடுத்தவர் செலவில் என்ற குத்தல் அதிலேயே இருக்கிறது. எழுத்துக்கு நான் 'உழையாப் பங்காளி' என்பேன். பங்கு உண்டு, உழைப்பு இல்லை என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

யாரை இப்படி அழைக்கக் கூடாது என்பதும் பொருளில் அடக்கம். காய்ச்சலில் படுத்தவர் உழையாப் பங்காளி அல்லர். திறமை குறைவால் சுமாராகச் செய்தவரும் அல்லர். செய்ய முடிந்தும், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கில் செய்யாமல் இருப்பவரே அவர். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் கயிறு இழுக்கவைத்துப் பார்த்த சோதனைகள் 1913இல் வெளியாயின. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுத்த வலுவின் கூட்டுத்தொகையில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. அந்த இழப்பு முழுவதும் சோம்பல் அல்ல. ஒரே நொடியில் எல்லோரும் சேர்ந்து இழுக்க முடியாததும் ஒரு காரணம். குழுவில் ஒருவரின் வேலை குறைவாகத் தெரிந்தால், வேலையைச் சரியாகப் பிரித்தோமா என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

கூட்டு முயற்சியில் மற்றவர்கள் சுமந்த கட்டுப்பாட்டால் பயன்பெற்றவர், தன் முறை வரும்போது தானும் சுமக்கக் கடமைப்பட்டவர் என்று சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1955இல் எழுதினார். கேட்காமலே என்மேல் திணித்த பயனுக்கு நான் எப்படிக் கடன்பட்டேன் என்று தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இல் மடக்கினார். குழுவை ஆசிரியரே பிரித்துவிட்ட மாணவர் இதைத் தனக்குச் சாதகமாகச் சொல்லலாம். அது அறிக்கையின் முகப்பில் பெயர் போடும்வரைதான் செல்லும். பெயரைப் போட்டு மதிப்பெண்ணை வாங்குவது, பயனைத் தெரிந்தே ஏற்பது.

சரி, உழைப்புக்குத் தக்க பங்கை எப்படி அளப்பது? பல பல்கலைக்கழகங்களில் சக மதிப்பீடு உண்டு. நால்வர் குழு, ஒவ்வொருவரும் தன்னையும் சேர்த்து நால்வருக்கும் 100 புள்ளிகளைப் பகிர வேண்டும். மூவர் தங்களுக்குள் 30, 30, 30 என்றும் நான்காமவருக்கு 10 என்றும் போடுகிறார்கள். நான்காமவர் எல்லோருக்கும் 25 போடுகிறார். கூட்டினால் மூவருக்குத் தலா 115, அவருக்கு 55. அறிக்கைக்கு 70 மதிப்பெண் என்றால், பாதியை அப்படியே கொடுத்து மறுபாதியை, அவரவர் புள்ளியை 100ஆல் வகுத்து வரும் விகிதத்தால் பெருக்குவார்கள். மூவருக்கும் 35 + 40.25 = 75.25. நான்காமவருக்கு 35 + 19.25 = 54.25.

கணக்கு சரியாக இருந்தாலும் நியாயம் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. மூவரும் நண்பர்களாக இருந்து முன்பே பேசிவைத்துப் போட்ட புள்ளியாகவும் இருக்கலாம். பகிர்ந்து எழுதும் ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். நான்காமவர் இரண்டாம் வாரத்தில் எழுதிய நான்கு பத்திகளைக் குழுத் தலைவர் ஒரே இரவில் அழித்துவிட்டுத் தானே எழுதியிருந்தால், அதற்குப் பிறகு அவர் ஒதுங்கியதை ஓசிச் சவாரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவர், பிறர் பங்கைச் செலுத்தும் வாய்ப்பையே பறிக்கிறார்.

மாறாக, அந்த வரலாற்றில் அவர் பெயரே இல்லை, அனுப்பிய நினைவூட்டல்களுக்குப் பதிலும் இல்லை என்றால் 55 பொருந்தும். அப்போதும் மற்ற மூவருக்கு ஒரு கடமை உண்டு: குறையைப் பணியின் நடுவிலேயே முகத்துக்கு நேராகச் சொல்வது, எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கொடுப்பது. கடைசிவரை 'பரவாயில்லை, நாங்க பாத்துக்குறோம்' என்று சொல்லிவிட்டு ரகசியப் படிவத்தில் மட்டும் 10 போடுபவர்கள், அவர் திருந்துவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறார்கள்.