60 விநாடி லோடு டெஸ்டில் வந்த p99-ஐ எவ்வளவு நம்பலாம்?

ஆர்டர் பட்டியலைத் தரும் ஒரு ஏபிஐயின் டேட்டாபேஸில் புதிதாக ஒரு இண்டெக்ஸ் சேர்த்தோம். பலன் தெரிகிறதா என்று பார்க்க, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிமிடம், விநாடிக்கு 10 ரிக்வெஸ்ட் வீதம் லோடு டெஸ்ட் ஓட்டினோம். முன்பு p99 620 மில்லி விநாடி, பின்பு 480. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒருவர் இண்டெக்ஸ் இல்லாத பழைய நிலையிலேயே டெஸ்டை மறுபடி ஓட்டிப் பார்த்தார். 455 வந்தது. எதையும் மாற்றாமலே, மாற்றியதைவிட நல்ல எண்!

இது ஏன் நடக்கிறது என்று புரிய, p99 எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நூற்றில் 99 பதில்கள் எந்த நேரத்துக்குள் வந்து சேர்கின்றனவோ, அதுதான் p99. ஒரு நிமிடத்தில் நாங்கள் அனுப்பியது 600 ரிக்வெஸ்ட். அதில் ஒரு சதவீதம் என்பது 6. ஆக, மிக மெதுவான 6 பதில்களைத் தள்ளிவிட்டு, மேலிருந்து ஏழாவதாக நிற்பதை டூல் p99 என்று காட்டுகிறது. இண்டெக்ஸ் சேர்த்த பிறகு வந்த முடிவில், மேலிருந்து முதல் 12 நேரங்கள் இவை:

```
912 874 690 610 585 488 480 402 388 350 338 331
```

ஏழாவது 480. இந்த 600-இல் மெதுவான பதில் ஒன்றே ஒன்று வேகமாக வந்திருந்தால், p99 402 ஆகியிருக்கும். மெதுவானவை இரண்டு கூடியிருந்தால் 585. மீதி 590 சொச்சம் பதில்கள் எவ்வளவு ஒழுங்காக வந்திருந்தாலும், அவை இந்த எண்ணைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. அதனால் "எத்தனை சாம்பிள்?" என்று கேட்பதைவிட, "பெர்சென்டைலுக்கு மேலே எத்தனை சாம்பிள்?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி என்பேன். எங்களிடம் இருந்தது ஆறு.

சரி, ஆறு வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லலாம்? சர்வரின் உண்மையான p99 என்று ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் அதைத் தாண்ட ஒரு சதவீத வாய்ப்பு உண்டு என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் p99 என்பதற்கு அர்த்தமே அதுதான். 600 அனுப்பினால் சராசரியாக 6 தாண்டும். ஆனால் நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் சரியாக ஐந்து தலை விழும் என்று சொல்ல முடியாதது போல, இதிலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண்ணிக்கை மாறும். எந்த அளவுக்கு என்பதை பைனாமியல் கணக்கு சொல்லிவிடும்:

```python
from scipy.stats import binom
print(binom.ppf(0.025, 600, 0.01))  # 2.0
print(binom.ppf(0.975, 600, 0.01))  # 11.0
```

அதாவது நூற்றில் 95 தடவைக்குக் குறையாமல், கோட்டைத் தாண்டியவை 2 முதல் 11 வரை இருக்கும். டூல் மட்டும் எப்போதும் 6 என்றே எடுத்துக்கொள்கிறது. இனி மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். இரண்டு மட்டும் தாண்டியிருந்தால், உண்மையான கோடு 690-க்கும் 874-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பதினொன்று தாண்டியிருந்தால் 331-க்கும் 338-க்கும் நடுவில். ஆக, 480 என்று நாங்கள் படித்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது 331 முதல் 874 வரை நீளும் ஓர் இடைவெளி. 620, 480, 455 மூன்றுமே அதற்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

கணினி கையில் இல்லாதபோது மனக்கணக்காகவே போடலாம். மேலே இருக்க வேண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, கூட்டியும் கழித்தும் பார்த்தால் போதும். 6 என்றால் கிட்டத்தட்ட 5 கூடலாம், குறையலாம். 100 என்றால் 20. என் அனுபவத்தில் இந்த 100-தான் நிம்மதியாகப் பேசத் தொடங்கும் இடம். p99-க்கு அது 10,000 ரிக்வெஸ்ட், எங்கள் வேகத்தில் சுமார் 17 நிமிடம். p99.9-க்கு ஒரு லட்சம், ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம்.

`hey` போன்ற டூலில் எதுவும் குறிப்பிடாமல் விட்டால் 200 ரிக்வெஸ்ட்தான் அனுப்பும். கடைசியில் 99% வரியையும் அச்சிடும். கோட்டுக்கு மேலே இரண்டே சாம்பிள். 200-உம் கோட்டைத் தாண்டாமல் போகும் வாய்ப்பு, 0.99-ஐ 200 முறை பெருக்கினால், 13 சதவீதம். அப்படி நடந்தால் அந்த டெஸ்டில் கண்ட மிக மெதுவான பதில்கூட உண்மையான p99-ஐ எட்டியிருக்காது.

இதுவரை போட்ட கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தனித்தனியாக மெதுவாக வேண்டும். சர்வரில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எங்கள் பட்டியலில் 690, 585, 488, 388 நான்கும் ஒரே விநாடியில் வந்தவை. விநாடிக்குப் பத்து என்றால் 100 மில்லி விநாடிக்கு ஒன்று. நேரமும் ஏறக்குறைய நூறு நூறாகத்தான் இறங்குகிறது. சர்வர் ஒரே ஒரு முறை, அரை விநாடிக்கு மேல் நின்றிருக்கிறது. கார்பேஜ் கலெக்‌ஷனாக இருக்கலாம். முதலில் வந்தது முழு நேரமும் காத்திருந்தது, அடுத்தடுத்து வந்தவை நூறு நூறாகக் குறைவாகக் காத்திருந்தன. நான்கு சாம்பிள் போலத் தெரிவது உண்மையில் ஒரு நிகழ்ச்சி. அதனால் 331–874 என்பதே நிலைமையை நல்லபடியாகக் காட்டும் இடைவெளி. நிஜம் இன்னும் அகலம். இதைக் கண்டுபிடிக்க, மெதுவான பதில்களை நேர முத்திரையோடு வரிசைப்படுத்தி, அவை கொத்தாக நிற்கின்றனவா என்று பார்த்தாலே போதும்.

இந்தப் படிக்கட்டு தெரிய வேண்டுமானால், சர்வர் நின்றாலும் டூல் தன் வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். k6-இல் `constant-arrival-rate` அதைச் செய்யும். பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் டூலில், நின்ற நேரத்தில் போயிருக்க வேண்டிய ரிக்வெஸ்ட்கள் போகவே போகாது. ஒரு இணைப்புக்கு ஒரு மெதுவான பதில் மட்டும் பதிவாகி, p99 இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

வேகத்தைக் கூட்டி, ஒரே நிமிடத்தில் 10,000 ரிக்வெஸ்ட் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அது வேறொரு லோடு, வேறொரு p99. தவிர, சில விஷயங்கள் கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன. போஸ்ட்கிரெஸில் `checkpoint_timeout` மாற்றாமல் விட்டால் 5 நிமிடம். ஒரு நிமிட டெஸ்டுக்குள் செக்பாயின்ட் வராமலே போகலாம். எத்தனை ஆயிரம் சாம்பிள் எடுத்தாலும் அதன் சுவடு அதில் இருக்காது.

கடைசியில் இண்டெக்ஸுக்கு முன்னும் பின்னும் தலா 20 நிமிடம் ஓட்டினோம். தலா 12,000 ரிக்வெஸ்ட், மேலே 120. முன்பு p99-இன் இடைவெளி 455 முதல் 520 வரை, பின்பு 430 முதல் 495 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பெரும்பகுதி படிகின்றன, அதனால் p99 குறைந்தது என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம். p50 மட்டும் 84-இலிருந்து 61-க்கு இறங்கியிருந்தது. அதைச் சொல்ல முதல் நாளின் 600 சாம்பிளே போதுமானதாக இருந்தது, கோட்டுக்கு மேலே 300, கீழே 300 இருந்ததால்.