ஆள் மாறும்போது ஓ.டி.பி. கேட்காதீர்கள்

திருப்பூரில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகள், நிட்டிங், காஜா பட்டன் வேலை செய்யும் சின்ன யூனிட்டுகள் என்று பல தரப்பும் எங்களிடம் வருகிறார்கள். ஒவ்வொரு பார்ட்டிக்கும் எங்கள் பக்கம் ஒருவர் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் அவருக்கு ‘அக்கவுண்ட் மேனேஜர்’ என்று இருக்கும். பார்ட்டியைக் கேட்டால் “நம்ம கணக்குப் பாக்கற புள்ள” என்பார். அந்தப் புள்ள வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறு வருடமாக இருந்த பெண்ணுக்குக் கல்யாணம். மாதம் 5ஆம் தேதி கடைசி நாள். ஃபைல்களை அடுக்கி, பாஸ்வேர்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒப்படைப்பு முடிந்தது என்றே நினைத்தேன். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னான ஆர்-1 போட வேண்டும். 10ஆம் தேதி புதிதாக வந்த பெண் ஒரு நிட்டிங் முதலாளிக்கு போன் செய்து, “சார், ஆபீஸ்ல இருந்து பேசறேன், உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க” என்றிருக்கிறார். தனி முதலாளி நிறுவனம் என்பதால் ஓ.டி.பி. வைத்துத்தான் ரிட்டர்னை முடிப்போம். அது அவர் மொபைலுக்குத்தான் போகும். அவர் போனை வைத்துவிட்டு என்னை அழைத்தார்.

“ஏனுங்க, உங்க ஆபீஸ் பேரச் சொல்லி யாரோ ஓ.டி.பி. கேக்கறாங்க. நான் கட் பண்ணிட்டனுங்க.”

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. தெரியாத நம்பர், தெரியாத குரல், எடுத்ததும் ஓ.டி.பி. மோசடிக்காரன் பேசுவதும் இதே மாதிரிதான். எங்கள் ஆளை நாங்களே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். அந்த ஒரு போனுக்குப் பிறகு, எது கேட்டாலும் அவர் என்னிடம்தான் பேசினார். நான்கு மாதம் அந்தப் பெண் வெறும் தட்டச்சராகத்தான் இருந்தார்.

இன்னொரு பார்ட்டியிடம் பட்டது இதைவிட மோசம். ஒரு நூல் சப்ளையரோடு அவருக்குத் தகராறு. பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டியும் பணம் கொடுக்காததால், அந்த பில்லில் இருந்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கிரெடிட்டாக எடுத்ததைத் திருப்பி வைத்திருந்தோம். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பழைய பெண்ணுக்கு இது மனப்பாடம். ஃபைலில் இருந்ததோ எண் மட்டும்தான், காரணம் இல்லை. புதியவர் நல்லெண்ணத்தோடு போன் செய்து, “இந்த பில்லுக்கு ஏன் சார் கிரெடிட் எடுக்கல?” என்று கேட்டுவிட்டார். ஆறு மாதமாக மனிதர் மறக்க நினைத்த சண்டை அது. “இதெல்லாம் உங்க ஆபீஸ்ல தெரியும்ங்க, எத்தன தடவ சொல்றது?” என்றார்.

இப்போது வேறு மாதிரி செய்கிறோம். ராஜினாமா கடிதம் கைக்கு வந்த அன்றே வேலை தொடங்கிவிடும். முதலில் நாள் பார்ப்போம். 20ஆம் தேதி, வரி கட்டும் ரிட்டர்னான 3பி போட்டு முடியும்வரை யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்துவதில்லை. அந்த வாரத்தில் பார்ட்டிக்கும் பதற்றம், எங்களுக்கும் பதற்றம். 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரைதான் இதற்கு ஏற்ற காலம்.

முதல் போன் கிளம்புகிறவருடையது. பார்ட்டி சேவ் செய்து வைத்திருக்கும் அதே நம்பரிலிருந்து பேச வேண்டும். நான் பேசினால்கூட அந்த அளவு எடுபடாது. மாதாமாதம் அவர்கள் கேட்டுப் பழகிய குரல் என்னுடையது இல்லையே. கிளம்புகிற காரணத்தை உள்ளபடி சொல்லச் சொல்கிறேன். மறைத்தால் ‘ஆபீசில் என்னவோ பிரச்சினை’ என்று சாயங்காலத்துக்குள் நாலு பேர் பேசிவிடுவார்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து கம்பெனிக்குப் போவார்கள். முதலாளியோடு, பில் அனுப்பும் சூப்பர்வைசரையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். எங்களோடு தினமும் தொடர்பில் இருப்பவர் அவர்தான்.

அங்கே புதியவரின் படிப்பையும் அனுபவத்தையும் அடுக்குவதை நிறுத்திவிட்டோம். யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. மாறாக, அவர் போகும் முன்பே ஒரு பக்கக் குறிப்பைப் படித்திருக்க வேண்டும். கிளம்புகிறவர் கையாலேயே எழுதியது அது. பில் யார் அனுப்புவார், எந்தத் தேதிக்குள் வராவிட்டால் நாம் கேட்க வேண்டும், எந்த சப்ளையரோடு தகராறு, எந்த வரியை ஏன் திருப்பி வைத்திருக்கிறோம், மதியம் எத்தனை மணிக்கு மேல் முதலாளி போன் எடுக்க மாட்டார், எல்லாம் அதில் இருக்கும். நூல் சப்ளையர் விஷயத்தைப் புதியவரே எடுத்து, “அந்த பில்லுக்குப் பணம் செட்டில் ஆனா ஒரு வார்த்தை சொல்லுங்க சார், கிரெடிட்ட எடுத்துக்கலாம்” என்று சொன்னால் போதும். பார்ட்டி முகம் மாறுவதை நேரிலேயே பார்க்கலாம். முதல் மாதம், நம் ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் எதையும் பார்ட்டியிடம் கேட்கக் கூடாது என்பது அலுவலகச் சட்டம். பான் கார்டு காப்பி என்றாலும் சரி.

சந்திப்பு முடிந்ததும் பழைய வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஒரு செய்தி போகும்: ‘அடுத்த மாத ரிட்டர்னை இருவரும் சேர்ந்து போடுவோம். அதற்கடுத்த மாதத்திலிருந்து இவர் தனியாகப் பார்ப்பார். ஓ.டி.பி. தேவைப்பட்டால் முதலில் ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து போன் வரும். வேறு நம்பரிலிருந்து கேட்டால் சொல்ல வேண்டாம்.’ கடைசி இரண்டு வரிகளுக்காக நன்றி சொன்னவர்கள் பல பேர்.

நோட்டீஸ் காலம் ஒரு மாதம்தான் என்றால், சேர்ந்து போடும் சுற்று ஒன்றுதான் கிடைக்கும். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவரை, அல்லது தனியாக அலுவலகம் போடப் போகிறவரை, அறிமுகத்துக்கு அனுப்ப முடியாது. அப்போது நான்தான் போகிறேன். அது பாதி அளவுதான் பலிக்கும். அப்படிப் போன இடங்களில் இரண்டு பார்ட்டிகள் அவரோடே போய்விட்டார்கள்.

அறிமுகம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் ஜி.எஸ்.டி. போர்ட்டலைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். பல வருடங்களுக்கு முன் பதிவு செய்த கம்பெனிகளில், தொடர்பு மின்னஞ்சலாக எங்கள் ஊழியரின் சொந்த மெயிலைக் கொடுத்திருந்தோம். அவசரத்துக்குச் செய்தது, அப்படியே நின்றுவிட்டது. ஆர்-1க்கும் 3பிக்கும் வரித் தொகை அதிகம் வித்தியாசப்பட்டால் டி.ஆர்.சி. 01பி என்ற அறிவிப்பு வரும். பதில் சொல்ல 7 நாள்தான். சொல்லாவிட்டால் அடுத்த ஆர்-1 போட முடியாமல் நின்றுவிடும். அந்த மெயில், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் பெண்ணின் இன்பாக்ஸுக்குப் போனால் யார் பார்ப்பது? இப்போது கடைசி வாரத்திலேயே மெயில், மொபைல் இரண்டையும் முதலாளியின் பெயருக்கே மாற்றிவிடுகிறோம். அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத சின்னத் திருத்தம்தான், ஓ.டி.பி. போட்டால் முடிந்துவிடும். பாஸ்வேர்டும் அன்றே மாறும். பார்ட்டி எதிரில் உட்கார்ந்து மாற்றினால் இன்னும் நல்லது. யார் கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்துவிடும்.

அறிமுகம் பலித்ததா என்று பார்க்க, பார்ட்டியிடம் “திருப்திங்களா?” என்று கேட்டுப் பயனில்லை. “ஆமாங்க” என்றுதான் சொல்வார்கள். பில் போட்டோ யாருக்கு வருகிறது என்று பார்ப்பேன். பழைய ஆளின் போனுக்கே இன்னும் வந்துகொண்டிருந்தால், புதியவரை அவர்கள் இன்னும் ஏற்கவில்லை. அதனால் கிளம்பியவரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு உதவி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பில் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள், பார்ட்டிக்கு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள், புதியவர் நம்பரை அனுப்புங்கள். போன வருடம் கிளம்பியவர் மூன்றாம் மாதக் கடைசியில் அழைத்தார். “சார், இந்த மாசம் எனக்கு ஒரே ஒரு பில்தான் வந்துச்சு. அதுவும் அந்த சூப்பர்வைசர் அண்ணா தப்பா அனுப்பிட்டேன்னு உடனே அழிச்சுட்டார்.”