பென்டா 3 ஏன் பென்டா 1-ஐ விட அதிகம்?

எங்கள் வட்டாரத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் 28 துணை சுகாதார நிலையங்கள். மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் அரசின் சுகாதாரத் தகவல் தளமான எச்.எம்.ஐ.எஸ்.-இல் ஏறிவிட வேண்டும். ஒரு ஜூலை மாதத்துக்கு இருபத்தெட்டும் நேரத்துக்கு வந்துவிட்டன. திரையில் முழுமை நூறு சதவீதம், நேரம் தவறாமை நூறு சதவீதம். அறிக்கைகளைத் தொகுப்பவன் என்ற முறையில் நான் நிம்மதியாக டீ குடிக்கப் போயிருக்கலாம்.

போகாததற்குக் காரணம், முதல் அறிக்கை ஜூலை 29-ஆம் தேதியே வந்திருந்தது. எங்கள் ஊரில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அந்த ஜூலையில் ஐந்து புதன், கடைசிப் புதன் 31. அப்படியென்றால் 31-ஆம் தேதி ஊசி போட்ட குழந்தைகள் எந்தக் கணக்கில்? ஆகஸ்ட் அறிக்கையை அந்த நிலையத்தின் செவிலியர் ஆகஸ்ட் 1 முதல்தான் எண்ணுவார். அந்தக் குழந்தைகள் பதிவேட்டில் இருப்பார்கள், அறிக்கையில் எந்த மாதத்திலும் இருக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி விநியோகப் பதிவேட்டைப் புரட்டினேன். 31 காலை அவருடைய ஊருக்கு வேக்சின் கேரியர் போயிருந்தது. தாமதமாக வரும் அறிக்கையைத் தளமே காட்டிக்கொடுக்கும். சீக்கிரம் வருவதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் எண்களின் பொருத்தம். பென்டா என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் பென்டாவேலன்ட், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி. குழந்தைக்கு 6, 10, 14 வார வயதில் மூன்று தவணை. முதல் தவணைக்கு வந்தவர்களில் சிலர் மூன்றாவதற்கு வராமல் போவது வழக்கம். அதனால் மூன்றாம் தவணையான பென்டா 3, முதல் தவணையான பென்டா 1-ஐ விடப் பொதுவாகச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த மாதம் இரண்டு நிலையங்களில் தலைகீழாக இருந்தது.

முதலாவதில் பென்டா 1 ஒன்பது, பென்டா 2 எட்டு, பென்டா 3 பதினாறு. ஆனால் போலியோ சொட்டு மருந்தான ஓபிவி 3 பத்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா 3 பத்து. மூன்றும் ஒரே நாளில் ஒரே குழந்தைக்குக் கொடுப்பவை, பென்டா மட்டும் ஆறு கூடுவானேன்? குப்பியையும் பார்த்தேன். பென்டா குப்பி ஒன்றில் 10 டோஸ். அந்த மாதம் அந்த நிலையத்துக்குப் போனவை மூன்று குப்பிகள், ஜூன் மாதத்தில் திறந்து மீந்தது எதுவும் இல்லை. முப்பது டோஸை வைத்துக்கொண்டு முப்பத்துமூன்று ஊசி போட முடியாது. பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பெயராக எண்ணினால் பத்துதான். கூட்டுத்தாளில் பூஜ்யத்தின் தலையில் பேனா ஒரு வால் இழுத்திருந்தது, அது கணினியில் ஆறாகிவிட்டது. பத்தாக்கினால் மொத்தம் 27, குப்பிக் கணக்கும் சரி.

இரண்டாவதில் பென்டா 1 ஆறு, பென்டா 3 பதினொன்று. இங்கே ஓபிவி 3-ம் பதினொன்று, ரோட்டா 3-ம் பதினொன்று. தட்டச்சுப் பிழை மூன்று கட்டத்திலும் ஒரே மாதிரி விழாது. கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டேன்.

"சார், அஞ்சு குழந்தை தாய்வீட்ல பிறந்தது. முதல் ஊசி அங்கேயே போட்டுட்டு இப்பதான் வந்திருக்காங்க."

தாய் சேய் நல அட்டைகளின் படங்களை அனுப்பினார். ஐந்திலும் முதல் தவணை வேறு வேறு ஊர்களில். மீதி ஆறு பேர் மே மாதத்தில் இங்கேயே முதல் ஊசி போட்டவர்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் எட்டு வார இடைவெளி என்பதால், ஜூலையின் பென்டா 3-ஐ மே மாத பென்டா 1-ஓடு வைத்துப் பார்ப்பதுதான் முறை. மே அறிக்கையில் ஏழு. ஒரு குழந்தை காய்ச்சலால் தள்ளிப்போயிருந்தது. கணக்கு இடித்தாலும் எண் உண்மை.

மாதத்துக்குப் பத்துக் குழந்தை வரும் சிறிய நிலையத்தில் இப்படி ஆடுவது சகஜம். வட்டாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இது பெரும்பாலும் சமன்பட்டுவிடும். வட்டார மொத்தமே வருடம் முழுக்கத் தலைகீழாக இருந்தால்தான் முதல் தவணையை எங்கோ எண்ணாமல் விடுகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று, காலிக் கட்டம். ஒரு நிலையத்தில் ரோட்டா வரிசை மூன்றும் காலி. குழந்தையே வரவில்லையா, மருந்து வரவில்லையா, நிரப்ப மறந்தாரா? யாரும் வரவில்லையென்றால் 0 போடச் சொல்லியிருக்கிறோம். கேட்டால், இரண்டு வாரம் ரோட்டா இருப்பு இல்லையாம், மற்ற வாரங்களில் போட்டதை எழுத மறந்துவிட்டாராம். தளத்துக்கு அதுவும் வந்து சேர்ந்த அறிக்கைதான்.

நான் எந்த எண்ணையும் என் மேசையில் உட்கார்ந்து திருத்துவதில்லை. பதிவேட்டை எண்ணி, செவிலியரே திருத்தி அனுப்புவார். 16 பத்தானது, 31-ஆம் தேதிக் குழந்தைகள் ஜூலைக்குள் வந்தார்கள், ரோட்டா நிரம்பியது. ஆறும் பதினொன்றும் அப்படியே போயின, குறிப்போடு. இரண்டு நாள் கழித்து மாவட்டத்திலிருந்து போன்: "சார், அந்த பென்டா 3-ஐக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுடுங்களேன், ரிப்போர்ட்ல சிவப்பா நிக்குது." அட்டைப் படங்கள் ஐந்தையும் அவருக்கு அனுப்பி வைத்தேன்.