கண்ணில் குத்தினால் துணியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்: ஒரு டீ கப் எடுங்கள்

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளில் லீவு விட்டால் பசங்களுக்குக் காசில்லாத விளையாட்டு ஒன்று உண்டு: மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, கூராகச் சீவிய ஈர்க்குச்சியை அம்பாக விடுவது. எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அது வலது கண்ணில் குத்தி, கீழே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ஓடிவந்து முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கிக் கண்மேல் ஒற்றுவார். அம்மா அடிபம்புக்கு இழுத்துப் போய் முகத்தில் தண்ணீரை அடிப்பார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் இந்த ஐந்து நிமிடத்தில் கண் இன்னும் அதிகம் கெட்டுவிடலாம்.

நுங்குச் சுளையில் ஓட்டை போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால் என்ன ஆகும்? கண்ணிலும் அதுவேதான். கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். நோட்டுத்தாள் ஐந்தை அடுக்கினால் அவ்வளவு. அதன் பின்னால் இருக்கும் நீர் ஐந்தாறு சொட்டு. ஓட்டை விழுந்ததும் அந்த நீர் வெளியே வர, கண்ணுக்கு நிறம் தரும் பழுப்புத் திரை நகர்ந்து வந்து பல நேரம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். உடம்பு தானாகப் போட்ட தக்கை அது. மேலே துணியை வைத்து அழுத்தினால் தக்கையும் பிதுங்கும். அதற்குப் பின்னால் இளநீர் வழுக்கை போல இருக்கும் கூழும் விழித்திரையை இழுத்துக்கொண்டு வெளியே வரலாம். கருவிழிக் கிழிசலைத் தைத்துவிடலாம். போன விழித்திரையைத் திரும்ப வைக்க முடியாது. கண்ணைத் திறந்து பார்க்கிறேன் என்று இமையைப் பிரிப்பதும் அழுத்துவதுதான்.

தண்ணீர் ஏன் கூடாது? முழுசாக இருக்கும் கண்ணில் தண்ணீர் வெளியே ஓடிவிடும். ஓட்டை விழுந்த கண்ணில் கிருமி உள்ளே போக அதுவே வழி. ஈர்க்கு, முள், வைக்கோல் எல்லாமே பூஞ்சையைச் சுமந்து வருபவை. பம்பு நீரும் வாய்க்கால் நீரும் அதோடு சேர்ந்தால் கண்ணுக்குள்ளேயே சீழ் பிடிக்கலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதற்கும் இதே பதில். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: சுண்ணாம்போ பூச்சிமருந்தோ தெறித்தால் அந்த நொடியே, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும். கழுவக் கூடாது என்பது குத்திய கண்ணுக்கு மட்டும்.

ஒரு மணி நேரத்தில் வலி குறைந்து பையன் விளையாடப் போகலாம். அதை நம்பாதீர்கள். சூடாக நீர் வழிந்தது, பார்வை மங்கியது, கண்ணின் நடுவிலுள்ள கறுப்புப் பாப்பா வட்டமாக இல்லாமல் பேரிக்காய் போல ஒரு பக்கம் இழுத்திருப்பது, கருவிழியில் பழுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியது போலத் தெரிவது: இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டை விழுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுப்புத் துணுக்கைத் தூசி என்று துடைக்கப் போகிறவர்கள் உண்டு. அது தூசி இல்லை, மேலே சொன்ன தக்கை.

இனி கவசம். டீக்கடையில் கிடைக்கும் புதுக் காகிதக் கப் போதும். கவிழ்த்து வையுங்கள், விளிம்பு மேலே புருவ எலும்பிலும் கீழே கன்ன எலும்பிலும் உட்கார வேண்டும். சின்ன முகமென்றால் விளிம்பை லேசாக அமுக்கி நீள்வட்டமாக்கிக்கொள்ளலாம். நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இரண்டு பிளாஸ்திரி, குறுக்கே போட்டு ஒட்டுங்கள். உள்ளே பஞ்சு வைக்காதீர்கள். கப் நிற்பதே கண்ணைத் தொடாமல் இருக்கத்தான். கண் சிமிட்டச் சொல்லுங்கள். இமைமுடி கப்பில் உரசினால் எடுத்து மறுபடி வையுங்கள். குச்சி கண்ணிலேயே நின்றிருந்தால் பிடுங்கவே கூடாது. துண்டைச் சும்மாடு போலச் சுருட்டிக் கண்ணைச் சுற்றி எலும்பின்மேல் வைத்து, குச்சியில் படாத உயரத்துக்குக் கப்பை அதன்மேல் கவிழ்த்து ஒட்டுங்கள்.

108-ஐ அழையுங்கள். கண் அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு, உதாரணமாகத் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, நேரே போவது நல்லது. தையல் 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். வண்டியில் தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்து உட்கார வையுங்கள். அழுகையும் வாந்தியும் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றும். அதனால் மடியில் வைத்துச் சமாதானம் செய்வதும் வைத்தியம்தான். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பசிக்கிறது என்று வழியில் பன், டீ வாங்கிக் கொடுக்காதீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், அடிபட்ட நேரம், தடுப்பூசி விவரம் மூன்றையும் டாக்டர் கேட்பார்.

கிளம்பும்போது அந்த ஈர்க்குச்சியையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள். குச்சித் துண்டு ஸ்கேனில் சில நேரம் தெளிவாகத் தெரியாது. சீவிய கூர் அப்படியே இருக்கிறதா, நுனி முறிந்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் கண்ணுக்குள் இன்னும் எதையாவது தேட வேண்டுமா என்று டாக்டர் யோசிப்பார்.