நெட்டிங்: ஈடுகட்டலா, நிகரக் கழிப்பா?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பிறந்தவன் நான். ஒருவருக்கொருவர் தரவேண்டியதைக் கழித்து மிச்சத்தை மட்டும் கட்டும் ‘நெட்டிங்’ என்பதை ‘வலையிடல்’ என்று ஒருவர் பெயர்த்திருந்தபோது கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. எழுத்து ஒன்றானாலும் ஆங்கிலத்தில் மீன்வலை ‘நெட்’ வேறு சொல். கணக்குப்புத்தகத்து ‘நெட்’, பளபளப்பு, தூய்மை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கழிக்கவேண்டியதைக் கழித்தபின் சுத்தமாக நிற்கும் தொகை அது. நாம் ‘நிகர லாபம்’ என்கிறோமே, அந்த நிகரம்.

எனக்கு எரிச்சல் ‘ஈடுகட்டல்’ மேல்தான். போன வாரம் கைக்கு வந்த ஒரு பயிற்சிக் கையேட்டில் நெட்டிங்கும் ஈடுகட்டல், அதே பக்கத்தில், நாணய மதிப்பு மாறினால் வரும் நட்டத்துக்கு முன்கூட்டியே காப்புத் தேடும் ஹெட்ஜிங்கும் ஈடுகட்டல்! நட்டத்தை ஈடுகட்டுவோம், இழப்பை ஈடுகட்டுவோம். நெட்டிங்கில் யாருக்கு என்ன நட்டம்?

மணலியில் ஒரு கம்பெனி, அதே குழுமத்துக் கம்பெனிகள் சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் என்று வைப்போம். பில்கள் சிங்கப்பூர் டாலர், யூரோ, ரூபாய் எனக் கலந்து கிடக்கும். குறித்த நாளில் எல்லாவற்றையும் ஒரே விகிதப் பட்டியலை வைத்து அமெரிக்க டாலருக்கு மாற்றுகிறார்கள். மணலி சிங்கப்பூருக்குத் தரவேண்டியது 1,00,000. சிங்கப்பூர் ஜெர்மனிக்கு 80,000. ஜெர்மனி மணலிக்கு 70,000. தனித்தனியாக அனுப்பினால் 2,50,000 டாலர் நகரும். கழித்துப் பார்த்தால் மணலி 30,000 கட்டினால் போதும். சிங்கப்பூருக்கு 20,000, ஜெர்மனிக்கு 10,000 போய்ச் சேரும். மாற்றுச் செலவு அரை சதவீதம் என்றால் 1,250 டாலர் செலவு 150 ஆகிறது. ஒரு கம்பெனி மட்டும் தன் ஊர் விகிதத்தில் பதிந்தால் மாதக் கடைசியில் சில்லறை வித்தியாசம் தொங்கும். முதலில் அங்கேதான் பார்க்கவேண்டும்.

ஆனால் அந்த 30,000 டாலரைக் கட்டுவதற்குள் ரூபாய் சரிந்தால் சுமை மணலிக்குத்தான். அதற்குத்தான் ஹெட்ஜிங். ‘ஈடுகட்டியாச்சு’ என்று படிக்கும் பையன் ஆபத்தும் தீர்ந்தது என்று நினைப்பான். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டவருக்கு இரண்டில் ஒன்று புரியவில்லை என்பது என் ஐயம்.

‘நிகரக் கழிப்பு’ என்றால் செய்யும் வேலை சொல்லிலேயே தெரியும். கழிப்பு என்றால் கடன் தள்ளுபடி என்று ஆகிவிடாதா எனக் கேட்கிறார்கள். ஆகாது, முன்னால் நிகரம் நிற்கிறது. ஒவ்வொரு பில்லும் முழுத்தொகைக்கே புத்தகத்தில் தீரும், பணம்தான் மிச்சத்துக்கு நகரும். 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டுக் குழுமக் கம்பெனிகளோடு ஏற்றுமதி வரவை இறக்குமதிப் பாக்கியில் இப்படிக் கழிக்க வழிவிட்டபோது, சரக்கைச் சேவையோடு கழிக்கக்கூடாது என்று கோடு போட்டது. வங்கியில் வரும் முதல் கேள்வியே ‘எதை எதில் கழிக்கிறீங்க?’ என்பதுதான். ‘எதை ஈடுகட்டுறீங்க?’ என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

மண்ணடி இரும்புக்கடையில் இதற்குச் சொல்லே தேட மாட்டார்கள். “நான் தரவேண்டியது போக மீதி எவ்ளோ பாய், அத்த மட்டும் குடு.”