டேட்டாபேஸ் கோவையில், அப்ளிகேஷன் மும்பையில்

300 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாம் கோவை தொழிற்சாலையில் இருக்கும் சர்வரில். டீலர்கள் ஆர்டர் போடும் வெப்சைட்டை மட்டும் மும்பையில் உள்ள கிளவுடுக்கு மாற்றுகிறார்கள். சொந்த சர்வர் பாதி, கிளவுட் பாதி என்பதால் இது ஹைப்ரிட் கிளவுட். காகிதத்தில் பார்த்தால் நல்ல திட்டம். டேட்டா கைவசமே இருக்கும், தீபாவளி நேரத்துக் கூட்டத்தைக் கிளவுட் சமாளித்துவிடும்.

ஆனால் முதல் நாளே புகார் வரும்: ஒரு நொடிக்குள் திறந்த ஆர்டர் பட்டியல் இப்போது ஐந்தாறு நொடி எடுக்கிறது.

காரணம் எளிது. அந்தப் பக்கத்தில் 50 ஆர்டர்கள். ஒவ்வொன்றுக்கும் டீலர் பெயர், பொருள், ஸ்டாக், பாக்கித் தொகை என்று அப்ளிகேஷன் டேட்டாபேஸிடம் நான்கு தனித்தனிக் கேள்விகள் கேட்கிறது. பட்டியலுக்கான முதல் கேள்வியையும் சேர்த்தால் 201. இரண்டும் ஒரே அறையில் இருந்தபோது ஒரு கேள்வி போய்வர அரை மில்லிசெகண்ட்; மொத்தம் 0.1 நொடி, யார் கண்ணிலும் படவில்லை. கோவைக்கும் மும்பைக்கும் போய்வர 25 மில்லிசெகண்ட் என்று வைத்தால் அதே 201 கேள்விகளுக்கு 5 நொடி. ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி கிளம்புகிறது என்பதுதான் இதில் வினை.

உடனே 'லைனை 100 எம்பியிலிருந்து 500 ஆக்குவோம்' என்பார் யாராவது. பயனில்லை. இங்கே குறைவது அகலம் அல்ல, தூரம் கூடியிருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்; எவ்வளவு பணம் கட்டினாலும் அதற்கு மேல் ஓடாது. 201 கேள்விகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கேட்கும்படி புரோகிராமைத் திருத்த வேண்டும். அல்லது டேட்டாபேஸின் படிக்க மட்டுமான ஒரு நகலை மும்பையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் நகல் சற்றுப் பின்தங்கியே இருக்கும். தீர்ந்துபோன பம்ப் இன்னும் இருப்பதாகக் காட்டும் கணங்கள் வரும்.

இதை முன்கூட்டியே பார்த்துவிட வழி இருக்கிறது. அலுவலகத்தில் அப்ளிகேஷனை ஒரு டெஸ்ட் சர்வரிலும் டேட்டாபேஸை வேறொரு லினக்ஸ் டெஸ்ட் சர்வரிலும் வைத்து, டேட்டாபேஸ் சர்வரில் செயற்கையாகத் தாமதத்தைப் புகுத்தலாம் (`eth0` என்ற இடத்தில் உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயர்):

```
sudo tc qdisc add dev eth0 root netem delay 25ms
```

அரை நாள் அப்படியே வேலை செய்து பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரிந்துவிடும். முடிந்ததும் இதே வரியில் `add` என்பதை `del` ஆக்கி, `netem`-இலிருந்து மீதியை நீக்கி ஓட்டினால் பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது, 'இரண்டு இடத்தில் இருந்தால் பாதுகாப்பு' என்ற நம்பிக்கை. இங்கே வெப்சைட் இயங்க கிளவுட், அதைத் தொழிற்சாலையோடு இணைக்கும் லீஸ்டு லைன், தொழிற்சாலை சர்வர் மூன்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். கிளவுட் 99.9 சதவீதம், மற்ற இரண்டும் 99.5 என்று வைத்துப் பெருக்கினால் 98.9. கிளவுட் மட்டும் என்றால் மாதத்துக்கு சுமார் 43 நிமிடம் முடங்கும். இப்போது கிட்டத்தட்ட 8 மணி நேரம். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருந்தால்தான் பலம் கூடும். ஒன்றை ஒன்று நம்பி நின்றால் குறையும்.

இரண்டு கிளவுட் நிறுவனங்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் மல்டி கிளவுடிலும் இதே கணக்குதான், கூடவே செலவு. டேட்டா உள்ளே வர பெரும்பாலும் காசில்லை, வெளியே போகத்தான் கட்டணம். ஒரு கிளவுடில் விற்பனை, இன்னொன்றில் அலசல் என்று பிரித்து தினம் 200 ஜிபி அனுப்பினால், ஜிபிக்கு 10 சென்ட் வீதம் மாதம் 600 டாலர். திட்டம் போடும்போது இந்த வரி யார் கண்ணிலும் படாது, பில்லில்தான் படும்.

அப்படியானால் இரண்டாவது கிளவுட் வேண்டவே வேண்டாமா? வேண்டும், பேக்கப்புக்கு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் தனி கிளவுட் கணக்கு, கூகுள் பக்கத்தில் நேர்ந்த ஓர் அமைப்புத் தவறால் அழிந்துபோனது. உருவாக்கும்போது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், காலம் முடிந்ததும் தானே அழியும்படி அமைந்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்க உதவியவற்றில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் ஒன்று.

பம்ப் கம்பெனிக்கும் இது போதும். இரண்டு கிளவுடிலும் அப்ளிகேஷனை ஓட்ட வேண்டாம். தினசரி பேக்கப் மட்டும் இரண்டாவதில் இருக்கட்டும். ஒரு நிபந்தனை: அதன் லாகின் முதல் கிளவுடின் லாகினோடு பிணைந்திருக்கக் கூடாது. பிணைந்திருந்தால் முதலாவது விழும் அன்று இரண்டாவதற்குள்ளும் நுழைய முடியாது.

அப்புறம் மீட்கும் நேரத்தையும் கணக்குப் போட வேண்டும். 4 டெராபைட்டை 500 எம்பிபிஎஸ் லைனில் இறக்க, லைன் முழு வேகத்தில் ஓடினாலே 18 மணி நேரம் ஆகும். அதனால் நடப்பு மாத ஆர்டரும் ஸ்டாக்கும் தனி ஃபைலாக, முதலில் இறங்கும்படி இருக்க வேண்டும். ஐந்து வருடத்துப் பழைய பில்கள் மறுநாள் வந்தால் போதும்.