மினிமம் கட்டினால் மூன்றரை வட்டி: கிரெடிட் கார்டு கடன் ஏன் தீர்வதில்லை

ஆகஸ்ட் கடைசியில் சித்தப்பா மகன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறான். குறுவைக்குத் தண்ணீர் இறைக்க பழைய மோட்டார் ஒத்துவராமல், ஜூன் 20 அன்று புது மோட்டாரும் பைப்பும் 50,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தான்.

"அண்ணே, 2,500 கட்டச் சொன்னான், தேதி தவறாம கட்டிட்டேன். இப்ப பாருங்க, 50,000 இருந்த பில்லு 51,265 ஆயிருக்கு. கட்டினது எங்க போச்சு?"

அது எங்கே போனது என்பதை அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கும் எழுதுகிறேன். நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்கு நம்முடைய ஒரு பழைய பழக்கமும் காரணம்.

கூட்டுறவு வங்கியில் நகையை வைக்கிறோம். வருடம் முடிந்ததும் அசல் கையில் இல்லையென்றால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறோம். கிசான் கார்டிலும் புதுப்பித்துக்கொண்டு போகிறோம். நெல் போட்டு, கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கோ தாளடிக்கோ ஒரு தடவை என்று மொத்தமாக வருமானம் வருகிற ஊரில் இது தப்பான வழக்கமும் இல்லை. கிரெடிட் கார்டு பில்லில் 'மினிமம் அமௌண்ட் டியூ' என்ற வரியைப் பார்த்ததும் இதுவும் அந்த மாதிரி மாற்றி வைப்பதுதான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கிசான் கார்டும் கார்டுதான், இதுவும் கார்டுதான் என்ற பெயர்க் குழப்பம் வேறு. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. கிரெடிட் கார்டில் பல வங்கிகள் வாங்குவது மாதத்துக்கு 3.5 சதவீதம். நம் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. அதற்கு மேல், வட்டித் தொகையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நகைக்கடன் வட்டிக்கும் பயிர்க்கடன் வட்டிக்கும் ஜிஎஸ்டி இல்லை, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. நகைக்கடன் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் அது முக்கால் வட்டி. முக்கால் எங்கே, நாலுக்கு மேல் எங்கே!

சரி, 51,265 எப்படி வந்தது?

அவன் கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி பில் போடுகிறார்கள். ஜூலை 15 பில்லில் மொத்தம் 50,000, மினிமம் 2,500, கடைசி நாள் ஆகஸ்ட் 4. அந்த நாளுக்குள் 50,000 முழுவதையும் கட்டியிருந்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. ஜூன் 20லிருந்து 45 நாள் சும்மா கிடைத்த கடன். ஆனால் அந்தச் சலுகை முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும்தான். ஒரு பகுதியைக் கட்டினால் மீதிக்கு மட்டும், ஆகஸ்ட் 5லிருந்துதான் வட்டி வரும் என்று அவன் நினைத்திருந்தான். நடப்பது அதுவல்ல. முழுதாகக் கட்டாத அன்றே சலுகை ரத்தாகிறது, வட்டி பின்னோக்கிப் போய் மோட்டார் வாங்கிய ஜூன் 20லிருந்தே ஓடுகிறது.

வருடத்துக்கு 42 சதவீதம் என்று நாள் கணக்கில் போட்டால், 50,000க்கு ஒரு நாள் வட்டி 57 ரூபாய் 53 காசு. ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 4 வரை 45 நாளைக்கு 2,589. அன்று 2,500 கட்டியதால் மீதி 47,500. அதற்கு ஆகஸ்ட் 15 வரை 11 நாளைக்கு 601. மொத்த வட்டி 3,190, அதற்கு ஜிஎஸ்டி 574, பைசாவையும் சேர்த்தால் ஆக கிட்டத்தட்ட 3,765 ரூபாய். 47,500உடன் கூட்டிப் பாருங்கள், 51,265 வந்துவிடும். அவன் கட்டிய 2,500 அசலில்தான் கழிந்தது, காணாமல் போகவில்லை. அதைவிடப் பெரிய வட்டி அதன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவனைப் பயமுறுத்தியிருந்தது. போன மாதம் 2,500ஆக இருந்த மினிமம், இந்த மாதம் 4,700ஐத் தாண்டியிருந்தது. இது வங்கியின் அடாவடி இல்லை. ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட கார்டு விதிமுறைகளின்படி, மினிமத்தை மட்டும் கட்டுகிறவரின் கடன் மாதாமாதம் வளர்ந்துகொண்டே போகும்படி மினிமத்தை வைக்கக்கூடாது. அதனால் வந்த வட்டி, வரி முழுவதையும் மினிமத்தில் சேர்த்து, மேலே அசலில் ஒரு சிறு பங்கையும் கேட்கிறார்கள். அவன் கார்டில், வட்டி ஏறிய பில்லில் அந்தப் பங்கு அசலில் 2 சதவீதம், அதாவது 950 ரூபாய். பங்கு கார்டுக்குக் கார்டு மாறும், உங்கள் கார்டின் கட்டண அட்டவணையில் இருக்கும்.

கடன் வளராது, சரி. ஆனால் எவ்வளவு வேகத்தில் குறையும்? வருடக்கணக்கில் இழுப்பது இங்கேதான்.

47,500ல் தொடங்கி, மேற்கொண்டு எதுவும் வாங்காமல், ஒவ்வொரு மாதமும் மினிமம் மட்டும் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் சுமார் 2,910 கட்டுவான். அதில் 1,960 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும், அசலில் குறைவது 950 மட்டுமே. ஒரு வருடம் இப்படிக் கட்டினால் கையை விட்டுப் போனது 31,300 ரூபாய், பாக்கி 37,300. இரண்டு வருடம் பத்து மாதத்தில் 72,000க்கு மேல் கட்டியிருப்பான். அப்போதும் 24,000 ரூபாய் அளவுக்குக் கடன் நிற்கும். மோட்டாரின் விலை 50,000தான் என்பதை மறக்கவேண்டாம். பத்து வருடம் இப்படியே போனாலும் 4,000 சொச்சம் மிச்சம் இருக்கும். அதற்குள் இரண்டு தடவையாவது மோட்டாருக்குக் காயில் கட்டியிருப்பான்.

ஏன் இப்படி என்றால், மினிமம் நிலையான தவணை இல்லை. கடன் குறையக் குறைய அதுவும் குறைகிறது. முதலில் 2,910, ஒரு வருடம் கழித்து 2,285, மூன்றாம் வருடக் கடைசியில் 1,500க்கும் கீழே. கட்டுகிறவருக்குப் பாரம் குறைந்த மாதிரி இருக்கும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அசலில் போகும் பங்கும் கூடவே சுருங்கிவிடுவதால் கடன் தரையைத் தொடுவதே இல்லை. டிராக்டர் கடன் தவணையில் இப்படி நடக்காது. அங்கே தொகை மாறாது, நாள் ஆக ஆக அதில் அசலின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அதே 47,500க்கு, மினிமம் என்ன வந்தாலும் சரி என்று மாதம் 5,000 நிலையாகக் கட்டினால் 13ஆம் மாதத்தில் கடன் முடிந்துவிடும். மொத்தம் 61,500 ரூபாய் அளவில் போகும். வட்டி அதே மூன்றரைதான். தொகையைக் குறையவிடாமல் பிடித்துக்கொண்டதுதான் வித்தியாசம்.

போனில் அவன் கார்டு கணக்கில் இன்னொரு விஷயத்தையும் பார்த்தேன். ஆகஸ்ட் 16 அன்று உரக்கடையில் 4,000க்குக் கார்டைத் தேய்த்திருந்தான். "பில்லு 15ஆம் தேதிதானே போட்டாங்க, 16ல வாங்கினா ஒன்றரை மாசம் வட்டி இல்லையே" என்றான். பழைய பாக்கி இல்லாதவருக்கு அது சரி. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் இலவச நாள் கிடையாது. அந்த உரத்துக்கு அன்று முதலே வரியோடு ஒரு நாளைக்கு 5 ரூபாய் 40 காசு ஓடிக்கொண்டிருந்தது. மளிகை, பெட்ரோல், போன் ரீசார்ஜ் எல்லாமே அப்படித்தான். மினிமம் கட்டிக்கொண்டே கார்டையும் பயன்படுத்துகிறவர், மேலே நான் போட்ட கணக்கைவிட மோசமான நிலையில் இருக்கிறார். அவர் கணக்கு பத்து வருடத்திலும் முடியாது.

மினிமம் கட்டுவதால் பயனே இல்லையா என்றால், உண்டு. தாமதக் கட்டணம் விழாது, சிபிலில் தவணை தவறியவர் என்று பதியாது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடவோ சிபிலுக்குச் சொல்லவோ முடியும் என்பதும் விதிதான். எனவே வேறு வழியே இல்லாத ஒரு மாதத்தில் மினிமத்தையாவது கட்டுங்கள். மினிமத்தை மட்டும் கட்டினால் கடன் மாதங்களாக, வருடங்களாக நீளும் என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சிடவேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. அவன் பில்லிலும் இருந்தது, கீழே, பொடி எழுத்தில். போனில் பெரிதுபண்ணிக் காட்டினேன்.

அறுவடைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதுவரை காத்திருந்தால் நாளொன்றுக்கு 60 ரூபாய்க்கு மேல் வட்டி. வீட்டில் மனைவியின் சங்கிலி இருந்தது. கூட்டுறவு வங்கியில் வைத்துக் கார்டை அடைத்துவிடச் சொன்னேன். 55,000க்கு முக்கால் வட்டி என்றால் மாதம் 413 ரூபாய்தான். இதில் ஒரு ஆபத்து இருப்பதையும் சொன்னேன். கார்டு கடனுக்கு எதையும் அடகு வைக்கவில்லை. நகைக்கடனில் மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். கொள்முதல் பணம் ஏறியதும் முதலில் சங்கிலியைத் திருப்பிவிடும் உறுதி இருந்தால்தான் இந்த வழி. நகை இல்லாதவர்கள் வங்கியிடமே பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேட்கலாம். வட்டி பெரும்பாலும் மூன்றரையைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் செயல்முறைக் கட்டணத்தையும் அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

அவன் செப்டம்பர் 4 அன்று உரக்காசும் சேர்த்து 55,265 கட்டினான். பில் முடிந்துவிட்டது என்று இருந்தான். செப்டம்பர் 15 அன்று 1,400 ரூபாய் அளவுக்கு மறுபடியும் ஒரு பில் வந்தது. "முழுசா கட்டிட்டேனே அண்ணே!" என்று போன் செய்தான். வங்கி ஏமாற்றவில்லை. ஆகஸ்ட் 15 பில்லுக்கும் அவன் பணம் கட்டிய செப்டம்பர் 4க்கும் நடுவே ஓடிய 20 நாள் வட்டி அது. பில் போட்ட பிறகு ஓடியதால் அந்தப் பில்லில் ஏறவில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில் கோபப்பட்டுக் கட்டாமல் விடுகிறார்கள், அல்லது அதிலும் மினிமத்தை மட்டும் கட்டுகிறார்கள். அப்படி விட்டால் கார்டு இன்னும் பாக்கி உள்ள கார்டுதான், அடுத்து வாங்கும் விதை நெல்லுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த 1,400ஐயும் முழுதாகக் கட்டச் சொன்னேன். அக்டோபர் 15 பில்லில் பாக்கி பூஜ்யம் என்று வந்த பிறகுதான் கார்டை மறுபடி வெளியே எடுத்தான்.